ஐந்து எண்கள், இரண்டு தொகுத்தறிதல்

பிளஸ் ஒன் கணக்கில் 'கணிதத் தொகுத்தறிதல்' என்று ஒரு பாடம் வரும். தர்க்கவியலிலும் தொகுத்தறிதல் உண்டு; நாலு உதாரணத்தைப் பார்த்துவிட்டுப் பொது விதிக்குத் தாவுவது அது. பெயர் ஒன்றாக இருப்பதால் இந்தச் சாதாரணத் தொகுத்தறிதலின் கணக்கு வடிவம்தான் அந்தப் பாடம் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் கணிதத் தொகுத்தறிதலில் தாவல் என்பதே கிடையாது. ஒரே எண்களை இரண்டிடமும் கொடுத்துப் பார்ப்போம்.

ஃபெர்மா எண்கள்: F(n) = 2^(2^n) + 1. n = 0 முதல் 4 வரை போட்டால் 3, 5, 17, 257, 65537. இவற்றைப் பார்த்ததும் இரண்டு விஷயம் தோன்றலாம். ஒன்று, எல்லாமே பகா எண்கள். இன்னொன்று, முதலிலிருந்து வரிசையாகப் பெருக்கிக்கொண்டே வந்தால் எங்கே நிறுத்தினாலும் அடுத்த எண்ணைவிட 2 குறைவாக வருகிறது: 3×5 = 15, அதாவது 17 − 2; 3×5×17 = 255, அதாவது 257 − 2; அதையும் 257ஆல் பெருக்கினால் 65535.

உதாரணங்களை மட்டும் வைத்துப் பார்த்தால் இரண்டுக்கும் பலம் கிட்டத்தட்ட ஒன்றுதான். சாதாரணத் தொகுத்தறிதல் இரண்டையும் நம்பச் சொல்லும். 1640 வாக்கில் ஃபெர்மாவும் முதலாவதை நம்பினார்; நிரூபணம் கையில் இல்லை என்று கடிதத்தில் சொல்லிக்கொண்டேதான் நம்பினார். 1732இல் ஆய்லர் அடுத்த எண்ணை உடைத்துவிட்டார்: 4294967297 = 641 × 6700417. ஐந்து சாட்சிகளும் சொன்னது உண்மை, ஆனாலும் தீர்ப்பு தப்பு.

சரி, இரண்டாவதைக் கணிதத் தொகுத்தறிதலிடம் கொடுப்போம். F(0) முதல் F(k−1) வரையிலான பெருக்கல் F(k) − 2 என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை F(k)ஆல் பெருக்கினால்:

(2^(2^k) − 1)(2^(2^k) + 1) = 2^(2^(k+1)) − 1 = F(k+1) − 2

அவ்வளவுதான். தொடக்கத்துக்கு F(0) = 3 = 5 − 2 என்று ஒரே ஒரு சரிபார்ப்பு போதும். இங்கே ஐந்து உதாரணம் பார்த்தோமா ஐயாயிரம் பார்த்தோமா என்பதற்கு மதிப்பே இல்லை. k எதுவாக இருந்தாலும் அடுத்த படிக்குக் கொண்டுபோகிற அந்த ஒற்றை வரிதான் வேலை முழுவதையும் செய்கிறது. இது சுத்தமான பகுத்தறி முறை, விதிவிலக்கு நுழைய இடமே இல்லை.

இதே படியை முதல் கூற்றுக்குப் போட முயன்றால் எங்கே மாட்டுகிறது என்று தெரியும். F(k+1) = (F(k) − 1)² + 1. F(k) பகா எண் என்று தெரிந்தால் இந்த வலப்பக்கத்தைப் பற்றி என்ன சொல்ல முடியும்? ஒன்றும் முடியாது. ஒரு படியிலிருந்து அடுத்ததற்குப் போக வழி இல்லாமல் பட்டியல் மட்டும் நீள்கிறது என்றால், கையில் இருப்பது சாதாரணத் தொகுத்தறிதல்தான், எவ்வளவு குறியீடு போட்டு எழுதியிருந்தாலும்.

அப்புறம் ஏன் இரண்டுக்கும் ஒரே பெயர்? ஜான் வாலிஸ் என்ற ஆங்கிலேயர் 1656இல் வெளியிட்ட நூலில், வர்க்கங்களின் கூட்டலைச் சில n மதிப்புகளுக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, 'தொகுத்தறிதல் வழியில்' இது எப்போதும் இப்படித்தான் என்று முடித்துக்கொண்டார். அவர் சொன்னது பழைய, தர்க்கவியல் பொருளில்தான். முடிவு சரி, வழிதான் ஆட்டம் கண்டது. இது நிரூபணம் ஆகாது என்று எதிர்த்தவர்களில் ஃபெர்மாவும் ஒருவர் (பகா எண் விஷயத்தில் தானும் பட்டியலைத்தான் நம்பினார், அது வேறு கதை). 1686இல் யாக்கோப் பெர்னூலி, n இலிருந்து n+1க்குப் போகும் வாதத்தைச் சேர்த்தால் வாலிஸின் ஓட்டை அடைபடும் என்று காட்டினார். ஒட்டுப்போட்ட இடத்தில் பழைய பெயர் அப்படியே தங்கிவிட்டது. 1838இல் டி மார்கன் ஒரு கலைக்களஞ்சியக் கட்டுரையில் முன்னால் 'கணித' என்று ஒரு அடைமொழி சேர்த்து எழுத, அதுவே நிலைத்தது.

இதனால் சாதாரணத் தொகுத்தறிதல் மட்டம் என்று சொல்ல வரவில்லை. பெருக்கல் விதியை முதலில் நமக்குக் காட்டிக்கொடுத்ததே 15, 255, 65535 என்ற பட்டியல்தான். கணிதத் தொகுத்தறிதலுக்கு எதையும் கண்டுபிடிக்கத் தெரியாது, என்ன நிரூபிக்க வேண்டும் என்று யாராவது எழுதிக் கொடுக்க வேண்டும். என் கணக்கில் இரண்டும் போட்டியாளர்களே இல்லை, பெயர்தான் அவர்களை ஒரே மேடையில் ஏற்றிவிட்டது.

ஃபெர்மா எண்கள் விஷயத்தில் இப்போது நிலைமை தலைகீழ். F(5) முதல் F(32) வரை அத்தனையும் பகு எண்கள் என்று தெரிந்துவிட்டது. 65537க்குப் பிறகு பகா எண்ணே வராது என்று பலர் நினைக்கிறார்கள். அதற்கும் இதுவரை நிரூபணம் இல்லை.