நோட்டீஸ் வந்ததே தெரியாமல் ஜிஎஸ்டி உத்தரவு: பதிவில் கன்சல்டன்ட் மின்னஞ்சல் வைத்திருப்பவர்கள் கவனிக்க

ஈரோடு பக்கம் ஒரு ஹார்டுவேர் கடை. மே 2025ல் சப்ளையருக்குக் கொடுத்த செக் திரும்பி வந்தது. வங்கியில் கேட்டால், ஜிஎஸ்டி அலுவலகம் வரி பாக்கியை வசூலிக்கும் DRC-13 நோட்டீஸ் அனுப்பிக் கணக்கை முடக்கிவிட்டது என்றார்கள். 2019-20ஆம் ஆண்டுக்கு வரி 4,20,000 ரூபாய், அபராதம் 42,000, வட்டி மூன்று லட்சத்துக்கு மேல் என்று 28.08.2024 அன்றே ஜிஎஸ்டி சட்டத்தின் 73ஆம் பிரிவில் உத்தரவு போட்டாயிற்று. கடைக்காரர் கைக்கு ஒரு தாள்கூட வரவில்லை.

பதிவில் இருந்த மின்னஞ்சல், செல்போன் எண் இரண்டுமே ரிட்டர்ன் போடும் கன்சல்டன்டுடையவை. மே 2024ல் காரணம் கேட்கும் DRC-01 நோட்டீஸ், பிறகு விசாரணைக்கு மூன்று முறை அழைப்பு, கடைசியில் DRC-07 என்ற உத்தரவு. எல்லாம் அவருடைய இன்பாக்ஸில்தான் விழுந்தன. அவர் பார்க்கவில்லை. மாதாமாதம் ஜிஎஸ்டி போர்ட்டலுக்குள் போனவர் GSTR-3B என்ற மாத ரிட்டர்னைப் போட்டுவிட்டு வெளியே வந்திருக்கிறார். இந்த நோட்டீஸ்கள் `View Notices and Orders` பக்கத்தில் இருக்காது. `Services > User Services > View Additional Notices/Orders` என்ற இன்னொரு பக்கத்தில் கிடக்கும்.

"தபாலில் வரவில்லை, அதனால் செல்லாது" என்று யாராவது தைரியம் சொன்னால் நம்பாதீர்கள். 169ஆம் பிரிவில் போர்ட்டலில் ஏற்றுவதும் நோட்டீஸைச் சேர்ப்பிக்கும் ஒரு முறைதான். ஆனால் போர்ட்டலில் போட்டதற்குப் பதிலே இல்லாதபோது, பதிவுத் தபால் போன்ற வேறு வழியையும் அதிகாரி முயன்றிருக்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் பல வழக்குகளில் சொல்லியிருக்கிறது. கீழே சொல்லும் ரிட் மனு நிற்பது அந்த இடத்தில்தான்.

உத்தரவு தெரிந்ததும் முதலில் தேதியை எண்ணுங்கள். 107ஆம் பிரிவில் மேல்முறையீட்டுக்கு மூன்று மாதம், தாமதத்துக்குக் காரணம் காட்டினால் கூடுதலாக ஒரு மாதம். அதற்கு மேல் ஒரு நாள் போனாலும் மேல்முறையீட்டு அதிகாரிக்கு மன்னிக்க அதிகாரமில்லை. இந்தக் கடைக்கு அது டிசம்பர் 2024லேயே முடிந்துவிட்டது. காலத்துக்குள் தெரிந்திருந்தால் தகராறு வரியில் 10%, அதாவது 42,000 கட்டி மேல்முறையீடு செய்திருக்கலாம். வரியை மட்டும் கட்டினால் வட்டி, அபராதம் தள்ளுபடி என்ற 128ஏ சலுகையும் 31.03.2025 உடன் போயிற்று. கன்சல்டன்ட் இப்போது "ரெக்டிஃபிகேஷன் போடலாம்" என்கிறார். அது உத்தரவைத் திருத்தக் கேட்பது, உத்தரவின் முகத்திலேயே தெரியும் பிழைக்கு மட்டும். அதற்கும் மூன்று மாதக் கெடு உண்டு.

மிச்சம் இருப்பது உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு. மேல்முறையீட்டுக் காலம் கடந்த பிறகு வருபவர்களை ஏற்பதில் உச்ச நீதிமன்றம் 2020லேயே கறார் காட்டியிருக்கிறது. ஆகவே இது உரிமை இல்லை, நீதிமன்றத்தின் விருப்புரிமை. அஃபிடவிட்டில் "தெரியாது" என்று மட்டும் எழுதினால் போதாது. மின்னஞ்சல் யாருடையது, உத்தரவு எந்தத் தேதியில் எப்படித் தெரியவந்தது, பதில் சொல்ல வாய்ப்புக் கிடைத்தால் கையில் என்ன இருக்கிறது என்ற மூன்றும் வேண்டும். இந்த வழக்கில் தகராறு, கொள்முதலில் கட்டிய வரிக்காக GSTR-3Bயில் எடுத்த உள்ளீட்டு வரிக் கழிவு, சப்ளையர்கள் காட்டிய விற்பனையிலிருந்து போர்ட்டல் தயாரிக்கும் GSTR-2Aவில் இல்லை என்பது. பில், சரக்கு வந்த ஆதாரம், வங்கிவழி பணம் கொடுத்த விவரம், சப்ளையர் வரி கட்டியதற்கான சான்றிதழ் ஆகியவற்றைச் சேர்த்தால் மனு கனக்கும். ஒரு சப்ளையரிடம் ஆண்டு வித்தியாசம் ஐந்து லட்சத்துக்குள் என்றால் அவருடைய சான்றே போதும், மேலே போனால் ஆடிட்டர் சான்று வேண்டும். அக்டோபர் 9, 2019 முதலான காலத்துக்கு, GSTR-2Aவில் இல்லாத கழிவுக்கு 36(4) விதியின் உச்சவரம்பும் உண்டு. அந்தப் பகுதியைத் தனியாகக் கணக்குப் போட்டு வையுங்கள்.

உத்தரவை ரத்து செய்யும்போது நீதிமன்றம் பெரும்பாலும் நிபந்தனை வைக்கும். தகராறு வரியில் 10% கேட்ட வழக்குகளும் உண்டு, 25% கேட்டவையும் உண்டு. 25% என்றால் இங்கே 1,05,000. பழைய உத்தரவையே காரணம் கேட்கும் நோட்டீஸாக வைத்து, சொன்ன வாரங்களுக்குள் பணமும் பதிலும் கொடுக்கச் சொல்வார்கள். வங்கி முடக்கம் பணம் கட்டிய பிறகே நீங்கும். பலர் கோட்டை விடுவது இங்கேதான். பணம் கட்டிவிட்டுப் பதில் போட மறந்தாலும், பதில் போட்டுவிட்டுப் பணத்தைத் தள்ளிப்போட்டாலும் நிபந்தனை மீறியதாகி, பழைய உத்தரவுக்கு மறுபடி உயிர் வரும். இரண்டாவது முறை இரக்கம் எதிர்பார்க்க முடியாது.

மறுவிசாரணை அழைப்பும் பதிவில் இருக்கும் அதே மின்னஞ்சலுக்குத்தான் போகும். மனு போடும் வாரத்திலேயே `Amendment of Registration Non-Core Fields` பகுதியில் உங்கள் சொந்த எண்ணையும் மின்னஞ்சலையும் மாற்றி, ஓடிபி கொடுத்து உறுதிசெய்யுங்கள். பழைய கன்சல்டன்ட் கையில் இருக்கும் பாஸ்வேர்டையும் அன்றே மாற்றிவிடுங்கள்.