‘முயர்ச்சி’: பேனாவா, கீபோர்டா?

தங்கை மகன் ஆறாம் வகுப்பு. போனில் அவன் அனுப்பும் செய்திகளில் பிழையே இருக்காது. நோட்டைத் திறந்தால் ‘முயர்ச்சி’. கேட்டேன். “போன்ல சரியாத்தானே வருது மாமா?”

வருகிறதுதான். அவன் அடிப்பது muyarchi. தமிழாக்கித் தருவது போன். ரகரமா றகரமா என்ற கேள்வி அவனிடம் வந்து சேர்வதே இல்லை. பல்லி, பள்ளி மாதிரி இரண்டுமே சொல்லாக இருந்தால் மட்டும் காட்டுவதில் ஒன்றைத் தொடவேண்டும். அதுவும் பார்த்துக் கண்டுபிடிப்பதுதான், தானாக ஞாபகப்படுத்தி எடுப்பதில்லை.

அதற்காகத் தட்டச்சு என்றாலே இப்படித்தான் என்று சொல்லிவிட முடியாது. தமிழ்99 என்ற கீபோர்டு அமைப்பில் ர கீழ் வரிசையில் m விசையில் இருக்கிறது, ற மேல் வரிசையில் u-வில். எதை அடிப்பது என்று விரல்தான் முடிவு செய்தாக வேண்டும். இன்னொரு வசதி: ன, ற, உ என்று அடித்தால் புள்ளி தானே விழுந்து ‘ன்று’ ஆகும். ‘கன்று’க்கு ண போட்டுவிட்டால் புள்ளி விழாமல் ‘கணறு’ என்று பல்லிளிக்கும். தப்பு அங்கேயே தெரிந்துவிடும்.

ஆனால் எழுத்தின் உருவத்தை எந்தக் கீபோர்டும் கற்றுத் தராது. ‘கொ’ எழுதும் கை கொம்பில் தொடங்குகிறது. விசையில் க முதலில், ஒ பிறகு. மூன்று சுழி ண, இரண்டு சுழி ன என்று நாம் பெயர் வைத்திருப்பதே கை சுழிப்பதை வைத்துத்தான். 2008-இல் வெளியான பிரெஞ்சு ஆய்வொன்றில், பெரியவர்களுக்கு வங்காளம், குஜராத்தியை ஒட்டிய புது எழுத்துகளில் சிலவற்றைக் கையாலும் சிலவற்றைத் தட்டச்சிலும் பழக்கினார்கள். அசல் எழுத்தையும் அதன் கண்ணாடி பிம்பத்தையும் பிரித்தறிவதில், கையால் பழகியவையே நீண்ட நாள் நின்றன.

கையெழுத்துக்கும் ஒரு கள்ளவழி உண்டு. “பத்து முறை எழுது” என்றேன். பயல் முதலில் பத்து ‘மு’வை மேலிருந்து கீழாக எழுதினான். அப்புறம் பத்து ‘ய’. சொல்லை ஒரு தடவைகூட முழுதாக எழுதவில்லை! ஒழுங்காக எழுதினாலும் இரண்டாவது வரி முதல் வரியின் நகல்தான். முதலில் தப்பு விழுந்தால் பத்திலும் தப்பு.

இப்போது சொல்லைக் காட்டி, மூடிவிட்டு, ஒரே ஒரு முறை எழுதச் சொல்கிறேன். திறந்து அவனே திருத்த வேண்டும். மறுநாள் ஒரு முறை, நாலு நாள் கழித்து ஒரு முறை. புது எழுத்து பழகுகிறவருக்குப் பேனாவை விட்டால் வழியில்லை. எழுத்து தெரிந்து, சொல்லில் மட்டும் தடுமாறுகிறவருக்கு, மூடிவிட்டு அடிப்பதானால் தமிழ்99-உம் போதும் என்பது என் கணக்கு.

மூன்றாம் நாளே ‘முயற்சி’ தேறிவிட்டது. அடுத்த பக்கத்தில் ‘பயிற்ச்சி’ இருந்தது. ற் வந்தால் அதன் பின்னால் ச் என்ற புள்ளியெழுத்து வராது என்பதை எத்தனை முறை எழுதினாலும் கை தானாகச் சொல்லித் தராது. அதை நான்தான் உட்கார்ந்து சொல்ல வேண்டியிருந்தது.