கேமராவை மாற்றக் காசு கொடுக்கும் முன் கவரைக் கழற்றிப் பாருங்கள்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் குவாலிட்டி பார்ப்பது என் வேலை. தினமும் நான்கைந்து ஜாப் ஒர்க் யூனிட்டுகளுக்குப் போய், தையல் விட்ட இடம், எண்ணெய்க் கறை, லேபிளில் தப்பான அச்சு என்று கண்ணில் பட்டதையெல்லாம் ஃபோனில் படமெடுத்து ஆபீசுக்கு அனுப்ப வேண்டும். ஃபோன் கேமரா இல்லாமல் எனக்கு வேலை ஓடாது. அந்தக் கேமராவை வைத்துத்தான் இரண்டு கடைக்காரர்கள் என்னை ஏமாற்றினார்கள்.

முதல் கடை, ஃபோன் கவர் விற்கும் கடை. காரில் ஃபோன் மாட்ட ஸ்டாண்ட் கேட்டேன். காந்த ஸ்டாண்டையும், முதுகில் காந்த வளையம் ஒட்டிய கவரையும் சேர்த்து 850 ரூபாய் என்றார். ஃபோனைக் கவரோடு ஸ்டாண்டில் ஒட்டி, தலைகீழாகப் பிடித்து உதறிக் காட்டினார். "எந்தக் குழியில இறங்குனாலும் விழாதுங்கண்ணா." உண்மைதான், மூன்று மாதத்தில் ஒருமுறைகூட விழவில்லை. "காந்தத்தால ஃபோனுக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?" என்று கேட்டேன். "ஐஃபோன்லயே இப்போ உள்ளே காந்தம் வெச்சுத்தானுங்க வருது" என்றார். சரி, அவ்வளவு பெரிய கம்பெனியே வைக்கும்போது நமக்கென்ன என்று வாங்கிவிட்டேன்.

பத்து நாளில் படங்களில் கோளாறு தெரிந்தது. வாஷ்கேர் லேபிளைப் படமெடுத்தால் எழுத்து இரட்டையாக விழுந்தது. அப்புறம் கேமராவைத் திறந்தாலே திரையில் காட்சி தண்ணீருக்கடியில் இருப்பது போல நெளிய ஆரம்பித்தது. காதை அருகில் கொண்டுபோனால் லென்ஸ் பக்கமிருந்து மெல்லிய 'கிர்ர்' சத்தம். பக்கத்தில் வைத்து எடுத்தால் ஃபோகஸ் முன்னும் பின்னும் அலைந்து, எங்கேயும் நிற்காது.

இரண்டாவது கடை, சர்வீஸ் கடை. அங்கிருந்தவர் ஃபோனை வாங்கி, என் காதருகே வைத்து ஆட்டினார். 'டக் டக்' என்று கேட்டது. "கேமரா லூஸாயிடுச்சு, கேக்குதுங்களா? மாத்தித்தான் ஆகணும்." 7,200 ரூபாய். கவரைக் கழற்றி மேசை ஓரமாக வைத்துவிட்டு வேலையைத் தொடங்கினார். இரண்டு மணி நேரம் கழித்துப் போனால் படம் அசையாமல் நின்றது. ஃபோனைக் கையிலும் கவரைப் பிளாஸ்டிக் பையிலும் கொடுத்தார். வீட்டுக்கு வந்து கவரை மாட்டினேன். மறுநாள் காலை முதல் யூனிட்டில் கேமராவைத் திறந்தால், மறுபடி அதே நெளிவு.

திரும்பப் போனேன். "புது பார்ட்டுங்க, செட்டாக ரெண்டு நாள் ஆகும்" என்றார். மொபைல் கேமரா என்ன புதுச் செருப்பா, போட்டுப் போட்டுப் பழக? அப்போது எனக்கு இது தோன்றவில்லை. மூன்றாம் முறை போனபோது, கீழே போட்டிருப்பீர்கள், அதற்கு வாரண்டி கிடையாது என்று முடித்துவிட்டார்.

காரணம் கண்டுபிடித்தவர் பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் மாடிப்படிக்குக் கீழே சின்னதாகக் கடை வைத்திருக்கும் ஒரு பெரியவர். ஸ்க்ரூட்ரைவரைத் தொடும் முன்பே, "தம்பி, வண்டியில ஃபோனை எதுல மாட்டுறீங்க?" என்று கேட்டார். சொன்னேன். கவரைக் கழற்றினார். திரையில் நெளிவு அங்கேயே நின்றது. கவரைத் திரும்ப லென்ஸ் பக்கம் மெல்லக் கொண்டுவந்தார். காட்சி ஒரு பக்கமாக வழுக்கிப் போய் நடுங்கத் தொடங்கியது. தள்ளி எடுத்தார், நேரானது. நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

பிறகு ஃபோனைக் கையில் கொடுத்து, கேமராவை மூடிவிட்டு ஆட்டச் சொன்னார். டக் டக். திறந்து வைத்து ஆட்டச் சொன்னார். சத்தமில்லை. சர்வீஸ் கடைக்காரர் என் காதருகே ஆட்டிக் காட்டியபோது கேமரா மூடியிருந்தது. கை நடுக்கத்தைச் சமாளிக்கும் ஓஐஎஸ் வசதி உள்ள ஃபோன்களில் லென்ஸ் இறுக்கமாகத் திருகப்பட்டிருக்காது, மிதந்தபடி இருக்கும். கரண்ட் இல்லாதபோது அது லேசாக ஆடும், அந்தச் சத்தம் கேட்கும். கேமராவைத் திறந்ததும் கரண்ட் போய் லென்ஸைப் பிடித்துக்கொள்ளும். திறந்திருக்கும்போதும் டக் டக் கேட்டால்தான் கவலைப்பட வேண்டும். மூடியிருக்கும்போது கேட்பது பல ஃபோன்களில் புது டப்பாவைப் பிரித்த அன்றே இருக்கிற சத்தம்.

இன்னொன்றும் செய்து காட்டினார். கவரை மாட்டிக்கொண்டே 0.5x என்ற அகல லென்ஸுக்கு மாற்றினார். அதில் காட்சி அசையவில்லை. 1x வந்தால் நெளிவு. என் ஃபோனில் அகல லென்ஸுக்கு ஓஐஎஸ் கிடையாது, மெயின் கேமராவுக்கு மட்டும்தான். ஒன்று ஆடி இன்னொன்று ஆடவில்லை என்றால், கோளாறு மிதக்கும் லென்ஸ் பக்கம் இருக்கிறது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

காந்தம் உள்ளே என்னதான் செய்கிறது? அவர் பழைய கேமரா ஒன்றைப் பிரித்து பூதக்கண்ணாடிக்கு அடியில் வைத்துக் காட்டினார். லென்ஸ் தாங்கியைச் சுற்றிக் குட்டிக் குட்டிக் காந்தங்கள், அவற்றுக்கு எதிரே செம்புக் கம்பிச் சுருள்கள். நம் கை எந்தப் பக்கம் ஆடுகிறது என்று ஃபோனில் உள்ள கைரோ சொல்லும். சுருளில் கரண்ட் பாய்ந்து, காந்தத்தைத் தள்ளி, லென்ஸை அதற்கு எதிர்ப்பக்கம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக நகர்த்தும். லென்ஸ் சரியான இடத்துக்குப் போய்ச் சேர்ந்ததா என்று பார்க்க ஹால் சென்சார் என்று ஒன்று இருக்கிறது. அது லென்ஸை நேரடியாகப் பார்ப்பதில்லை. அங்குள்ள குட்டிக் காந்தத்தின் புலம் எவ்வளவு என்று அளந்து, இடத்தை ஊகிக்கிறது. நல்ல ஃபோன்களில் ஆட்டோ ஃபோகஸும் இதே முறையில்தான் வேலை செய்கிறது.

இப்போது வெளியே ஒரு பெரிய காந்தம் வந்து ஒட்டிக்கொள்கிறது என்று வையுங்கள். சென்சார் இரண்டு காந்தங்களின் புலத்தையும் சேர்த்து அளக்கிறது. லென்ஸ் நடுவில் இருந்தாலும், ஓரத்துக்குப் போய்விட்டது என்று பொய்க் கணக்குச் சொல்கிறது. சிப் அதை நம்பி லென்ஸை எதிர்ப்பக்கம் தள்ளுகிறது. போதாக்குறைக்கு வெளிக் காந்தம் லென்ஸ் தாங்கியையே நேராகவும் இழுக்கிறது. தள்ளுவதும் இழுப்பதுமாக லென்ஸ் தடுப்பில் போய் முட்டி நிற்கிறது, அல்லது முன்னும் பின்னும் துடிக்கிறது. நான் கேட்ட 'கிர்ர்' அந்தத் துடிப்புதான்.

இந்த நிலைவரை பெரும்பாலும் பயமில்லை. காந்தத்தை எடுத்தால் சென்சாரின் கணக்கும் சரியாகிவிடும். ஆப்பிளே தன் உதவிப் பக்கத்தில், காந்தம் உள்ள துணைப் பொருட்கள் ஓஐஎஸ்ஸையும் ஃபோகஸையும் பாதிக்கலாம், அப்படி நடந்தால் அதைக் கழற்றிவிட்டுச் சோதியுங்கள் என்கிறது. உள்ளே இருக்கும் குட்டிக் காந்தங்களும் கவர் காந்தத்தால் அவ்வளவு லேசில் சக்தி இழந்துவிடாது, அவை நியோடிமியம் வகை.

நிரந்தரமாகக் கெடுவது தேய்மானத்தால். லென்ஸை ஒரு பக்கமாகவே இழுத்து வைத்துக்கொண்டு, குழியும் மேடுமான ரோட்டில் தினமும் ஓடினால், ஒவ்வொரு குலுக்கலிலும் அது தடுப்பில் மோதும். சில கேமராக்களில் லென்ஸைத் தாங்குவது முடி போன்ற நான்கு கம்பிகள். அவை வளையும், ஒன்று அறுந்தும் போகலாம். வேறு சிலவற்றில் லென்ஸ் சின்னச் சின்னக் குண்டுகள் மேல் உருளும், அந்தத் தடத்தில் பள்ளம் விழும். அப்படி ஆகிவிட்டால் காந்தத்தை எடுத்தாலும் ஆட்டம் நிற்காது, கேமராவை மாற்றத்தான் வேண்டும். பைக் ஹேண்டில்பாரில் மாட்டுகிறவர்கள் கூடுதல் ஜாக்கிரதை. அதிகச் சக்தி கொண்ட மோட்டார் சைக்கிள் எஞ்சினின் அதிர்வு மட்டுமே ஐஃபோன் கேமராவின் ஓஐஎஸ்ஸைக் கெடுக்கக்கூடும் என்று 2021-இல் ஆப்பிள் தனியாக எச்சரித்தது. அங்கே காந்தம்கூடத் தேவையில்லை.

கவர் கடைக்காரர் சொன்ன ஐஃபோன் கதைக்கு வருகிறேன். 2020-இல் வந்த ஐஃபோன் 12 முதல் பல ஐஃபோன்களில் முதுகில் காந்த வளையம் இருப்பது நிஜம். ஆனால் அது எங்கே இருக்க வேண்டும், கேமராவிலிருந்து எவ்வளவு தள்ளி, துருவங்கள் எந்தப் பக்கம் என்பதெல்லாம் அந்த ஃபோனோடு சேர்த்தே தீர்மானிக்கப்பட்டவை. என் ஃபோனில் உள்ளே காந்தமே கிடையாது. யாரோ ஒருவர் கவரில் தன் இஷ்டத்துக்கு ஒட்டிய வளையத்தின் மேல் விளிம்பு, கேமராவுக்குக் கீழே ஒரு விரல்கூட இடைவெளி இல்லாமல் இருந்தது. சின்னக் காந்தத்தின் புலம் தூரத்தோடு வேகமாகக் குறையும். கொஞ்சம் தள்ளிப் போனதும், தூரம் இரண்டு மடங்கானால் புலம் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்காகிவிடும். அதே வளையத்தை இரண்டு சென்டிமீட்டர் கீழே ஒட்டியிருந்தால் எனக்கு இந்தத் தொல்லையே வந்திருக்காது என்றார் பெரியவர். கவர் வாங்கும்போது காந்தம் எவ்வளவு பலம் என்று மட்டும் பார்க்காமல், வளையத்துக்கும் லென்ஸுக்கும் நடுவே எவ்வளவு இடம் என்றும் பாருங்கள். மாட்டிய உடனே 1x-இல் திறந்து, கையை அசைக்காமல் சுவரில் ஒரு கோட்டைப் பத்து விநாடி பார்த்தால் தெரிந்துவிடும்.

கவர் விற்றவருக்கு விவரம் தெரியாமல் இருந்திருக்கலாம், விட்டுவிடுகிறேன். சர்வீஸ் கடைக்காரரை அப்படி விட முடியவில்லை. அவர் கவரைக் கழற்றி மேசையில் வைத்த பிறகுதான் ஃபோனைத் திறந்தார். அதற்கு முன் ஒருமுறை கேமராவை ஆன் செய்து பார்த்திருந்தால் காட்சி நேராக நின்றிருக்கும். பார்க்கவே இல்லையா, பார்த்தும் சொல்லவில்லையா என்பது அவருக்குத்தான் வெளிச்சம்.

பெரியவர் கடையிலிருந்து நேரே அங்கே போய், கழற்றிய பழைய கேமராவைக் கேட்டேன். அது பெரும்பாலும் நன்றாகவே இருந்திருக்கும். "அதையெல்லாம் அன்னிக்கே தூக்கிப் போட்டாச்சுங்க" என்றார். பில் கேட்டேன். துண்டுச் சீட்டில் 'கேமரா 7,200' என்று எழுதிக் கொடுத்தார், கடைப் பெயர்கூட இல்லை. பழைய பார்ட்டைக் கையில் வாங்குவதையும் பில்லையும் வேலை தொடங்கும் முன்பே பேசி வைத்திருக்க வேண்டும். நான் பேசவில்லை.

இப்போது காரில் இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கும் சாதாரண ஸ்டாண்ட், 250 ரூபாய். அவிநாசி ரோட்டில் ஒரே வாரத்தில் இரண்டு தடவை ஃபோன் அதிலிருந்து கீழே விழுந்தது. லேபிள் எழுத்து மட்டும் தெளிவாக விழுகிறது.