வெளிர் மஞ்சள் வந்த பிறகும் பிளீச் பூசினால் எழுந்து வாருங்கள்

கிளிநொச்சியில் ஒரு பார்லரில் என் சித்தியின் மகளுக்கு நடந்ததை எழுதுகிறேன். கலியாண வீட்டுக்கு முன்னால் 'சில்வர்' நிறம் அடிக்க நினைக்கிற பிள்ளைகளும், அவர்களுக்குக் காசு கொடுக்கிற தாய்மாரும் கட்டாயம் வாசிக்க வேண்டும். நான் வவுனியாவில் இதே வேலைதான் செய்கிறேன். அதனால் அங்கே எந்த இடத்தில் பிழைத்தது என்று தெளிவாகச் சொல்ல முடியும்.

தங்கச்சிக்கு இடுப்பு வரை கறுத்த முடி. அதுவரை டை, மருதாணி எதுவும் பட்டதில்லை. ஒரே நாளில் வெள்ளி நிறமாக்கித் தருவோம் என்று சொல்லி இருத்தினார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் அவள் எனக்கு வாட்ஸ்அப்பில் படம் அனுப்பிக்கொண்டிருந்தாள். நான் கைவேலையாக இருந்ததால் அவற்றைப் பின்னேரம்தான் பார்த்தேன்.

முதல் பூச்சில் பிழை எதுவும் இல்லை. ஒரு பங்கு பிளீச் பவுடருக்கு இரண்டு பங்கு டிவெலப்பர், அதுவும் 6 சதவீதம், அதாவது 20 வொலியூம். முடி முதலில் செம்மண் நிறமாகி, பிறகு செம்மஞ்சளில் வந்து நின்றது. கறுத்த முடிக்கு இது வழமை. அந்தப் பவுடரில் இருப்பது பெரும்பாலும் பெர்சல்பேட் உப்புகளும் சிலிக்கேட் போன்ற காரங்களும். டிவெலப்பர் என்பது ஐதரசன் பெரொக்சைட்டு. போத்தலில் இருக்கும் வரை கெட்டுப்போகாமல் இருக்க அதை அமிலத் தன்மையில் வைத்திருப்பார்கள். காரப் பவுடரோடு கலந்ததும் அது வேகம் பிடிக்கும். காரம் முடியை ஊதச் செய்து வெளிச் செதில்களைத் திறந்துவிடும். பெரொக்சைட்டு உள்ளே போய் மெலனின் மணிகளைக் கரைத்து, நிறமற்றதாக உடைக்கும். பெர்சல்பேட் அந்த வேலைக்குக் கூடுதல் பலம் கொடுக்கும்.

மெலனினில் இரண்டு வகை உண்டு. கறுப்பும் கபிலமும் தருவது யூமெலனின். சிவப்பும் மஞ்சளும் தருவது பியோமெலனின். முதலாவது சீக்கிரம் உடையும், மற்றது தாக்குப்பிடிக்கும். கறுத்த முடி நேரே வெள்ளையாகாமல் சிவப்பு, செம்மஞ்சள், மஞ்சள் என்று படிப்படியாக இறங்குவதற்கு இதுதான் காரணம். செம்மஞ்சளில் நின்றால் உள்ளே இன்னும் நிறம் மிச்சம் இருக்கிறது என்று அர்த்தம். முடி தாங்கினால் சில கிழமை ஆறவிட்டு மறுபடி பூசலாம்.

இங்கே ஆறவிடவில்லை. கழுவின கையோடு இரண்டாம் பூச்சு. அதில் மஞ்சள் வந்தது. அடுத்ததில் வெளிர் மஞ்சள், வாழைப்பழத் தோலின் உட்பக்கத்து நிறம். அந்தப் படத்தைப் பார்த்தபோதே எனக்கு நெஞ்சு பதறியது. ஏனென்றால் பவுடர் செய்யக்கூடிய வேலை அந்த இடத்தோடு முடிந்துவிட்டது. அதற்குக் கீழே அவள் அனுப்பியிருந்த செய்தி: "அக்கா, இன்னும் மஞ்சளாத்தான் இருக்காம். இன்னொருக்காப் போடப்போகினமாம்."

அந்த இன்னொரு பூச்சுத்தான் முடியைக் கொன்றது. 12 சதவீத டிவெலப்பரில் குழைத்து, போயில் தாள் சுற்றி, டிரையரால் சூடும் காட்டியிருக்கிறார்கள். "பிடிவாதமான முடி தங்கச்சி, பவுடர் கூடப் போட்டால் வெள்ளையாகும்" என்று சொல்லி, அதற்கு மேலதிகக் காசும் கேட்டிருக்கிறார்கள்.

அது வெள்ளையாகாது. முடி என்பது கெரட்டின் என்ற புரதம். அந்தப் புரதத்துக்கே இலேசான மஞ்சள் சாயல் உண்டு. மெலனின் அனேகமாகப் போன பிறகு கண்ணுக்குத் தெரிகிற மஞ்சளில் பெரும்பங்கு முடியின் சொந்த நிறம். அதைப் பிளீச்சால் எடுப்பதென்றால் முடியையே கரைக்க வேண்டும். நடந்ததும் அதுதான். உடைக்க மெலனின் இல்லாதபோது பெரொக்சைட்டு சும்மா இருக்காது. முடிக்குப் பலம் தருகிற கந்தகப் பிணைப்புகளை அது முதல் பூச்சிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாக வெட்டிக்கொண்டுதான் இருக்கும். கடைசியில் அதற்கு மிஞ்சுகிற வேலை அது மட்டுமே. வெட்டுப்பட்ட பிணைப்பு சிஸ்டெயிக் அமிலமாக மாறிவிடும். அது திரும்ப ஒட்டாது. நிறம் அசையாமல் நிற்க, உள்ளே பலம் மட்டும் போய்க்கொண்டிருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் பவுடர் வேலை செய்யவில்லை என்றுதான் தோன்றும். அங்கே இருந்தவர்களும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். ஆனால் காசு வாங்கித் தொழில் செய்கிறவர்களுக்கு இது தெரியாமல் இருக்க முடியாது, இருக்கவும் கூடாது.

நான் போய்ச் சேர்ந்தபோது முடி ஈரமாக இருந்தது. பின்பக்கத்தில் ஒரு இழையைப் பிடித்து மெதுவாக இழுத்துப் பார்த்தேன். நல்ல முடி ஈரத்தில் கொஞ்சம் நீண்டு, விட்டதும் பழைய நீளத்துக்குச் சுருங்கும். இது நீண்டுகொண்டே வந்து, சுருங்காமல் தொங்கி, விரலில் பிசுபிசுத்துக்கொண்டே அறுந்தது. காய்ந்த பிறகு சீப்பு வைத்த இடமெல்லாம் துண்டு துண்டாக உடைந்து மடியில் விழுந்தது. உச்சியில் இரண்டு இடத்தில் தோல் வெந்து நீர் கோத்திருந்தது. நிறம்? அதே வெளிர் மஞ்சள். கடைசிப் பூச்சுக்கு முந்தின படத்துக்கும் அதற்கும் எந்த வித்தியாசமும் இல்லை.

அதோடு விட்டார்களா? 'கெரட்டின் ட்ரீட்மென்ட்' செய்தால் முடி பழையபடி ஆகிவிடும் என்று இன்னொரு விலை சொன்னார்கள். அந்தப் பூச்சு வெளியே வழுவழுப்புத் தரும், சீப்பு கொஞ்சம் இலகுவாக இறங்கும். அழிந்த பிணைப்பை மீட்டுத் தராது. காசைத் திருப்பித் தாருங்கள் என்றேன். "பிள்ளையின் முடி பலவீனம், நாங்கள் என்ன செய்ய?" என்றார்கள். காலையில் அந்த முடியில் ஒரு குறையும் இருக்கவில்லை.

வெள்ளி நிறம் எப்படித்தான் வருகிறது என்று கேட்பீர்கள். வெளிர் மஞ்சளில் பிளீச்சை நிறுத்தி, நன்றாகக் கழுவி, ஊதாச் சாயல் உள்ள டோனரைக் குறைந்த வலுவுள்ள டிவெலப்பரில் கலந்து பூச வேண்டும். ஊதா மஞ்சளை மறைக்கும், கண்ணுக்கு வெள்ளியாகத் தெரியும். அது எடுக்கிற வேலை இல்லை, மேலே போடுகிற வேலை. அதனால் முழுக முழுகக் கழன்று, சில கிழமையில் மஞ்சள் மீண்டும் எட்டிப் பார்க்கும். முடி இன்னும் செம்மஞ்சளாக இருந்தால் ஊதா டோனர் சரிவராது, அதற்கு நீலச் சாயல் வேண்டும். அந்தப் பார்லரில் டோனர் என்ற பேச்சே எடுபடவில்லை. பிளீச்சாலேயே வெள்ளை வரும் என்றுதான் கடைசி வரை சொன்னார்கள்.

இருக்கப் போகிறவர்கள் முதலில் பின்பக்கத்தில் ஒரு சிறு கற்றையில் மட்டும் பூசிக் காட்டச் சொல்லுங்கள். எந்த நிறத்தில் நிறுத்துவீர்கள், பிறகு எந்த டோனர் போடுவீர்கள் என்று கேளுங்கள். இரண்டாவது கேள்விக்குப் பதில் வராத இடத்தில் இருக்க வேண்டாம். வாளியில் துருக்கறை பிடிக்கிற குழாய்க்கிணற்றுத் தண்ணீரில் முழுகுகிறவர்கள் அதையும் முன்கூட்டிச் சொல்லுங்கள். முடியில் படிந்த இரும்பு பெரொக்சைட்டோடு சேர்ந்தால் கலவை சூடேறும். தலை எரிந்தால் பொறுத்துக்கொண்டு இருக்காமல் உடனே கழுவச் சொல்லுங்கள்.

தங்கச்சியின் முடியைக் காதளவுக்கு வெட்ட வேண்டியதாயிற்று. வேரிலிருந்து கறுப்பாக நல்ல முடி வருகிறது. பிளீச் பட்ட மிச்ச நுனியை ஒவ்வொரு மாதமும் கொஞ்சம் கொஞ்சமாக நானே வெட்டி எடுக்கிறேன்.