போன் இணையவில்லை என்று பழுதாகாத ஸ்டீரியோவை மாற்றிய கதை

இரண்டு மாதங்களுக்கு முன், திருச்சியில் ஒரு கார் அக்சஸரீஸ் கடையில் 16,500 ரூபாய் கொடுத்து, எந்தப் பழுதும் இல்லாத ஸ்டீரியோவைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டிக்கொண்டு வந்தேன். கடையின் பெயரைச் சொல்லப் போவதில்லை. ஆனால் அங்கே என்னிடம் சொல்லப்பட்ட காரணத்தையும், அது ஏன் பொய் என்பதையும், நானே வீட்டு வாசலில் அரை மணி நேரத்தில் எப்படிக் கண்டுபிடித்திருக்கலாம் என்பதையும் எழுதிவைக்கிறேன். இதே வசனம் வேறு கடைகளிலும் வேறு ஆட்களிடம் சொல்லப்படக்கூடும்.

என் போனின் டிஸ்பிளே உடைந்து, சர்வீஸ் சென்டரில் மாற்றக் கொடுத்திருந்தேன். அவர்கள் போனை முழுவதுமாக ரீசெட் செய்துதான் திருப்பிக் கொடுத்தார்கள். அன்று மாலை காரில் ஏறி ப்ளூடூத்தைத் திறந்தபோது, பட்டியலில் ஸ்டீரியோவின் பெயர் தெரிந்தது. தொட்டதும் சில நொடிகள் சுற்றிவிட்டு, `Couldn't pair because of an incorrect PIN or passkey` என்று வந்து நின்றது. நான் எந்த எண்ணையும் தட்டச்சு செய்யவே இல்லை. போனை இரண்டு முறை அணைத்துப் போட்டேன், அதே செய்தி. மறுநாள் கடைக்குப் போனேன்.

கடைக்காரர் ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "ப்ளூடூத் போர்டு போயிடுச்சு சார், தனியா கிடைக்காது, செட்டையே மாத்தணும்" என்றார். அருகில் இருந்த என் மனைவி, தன் போன் அதே ஸ்டீரியோவில் வழக்கம்போல இணைந்திருப்பதைக் காட்டினார். "அது பழைய மாடல் மேடம், அதனால எடுக்குது, சாரோடது புது வெர்ஷன், இந்தப் போர்டு தாங்காது" என்று உடனே பதில் வந்தது. டிஸ்பிளே உடைவதற்கு முந்தைய நாள் வரை இதே போன்தான் அதில் பாடிக்கொண்டிருந்தது என்பதை அந்த நேரத்தில் எடுத்துச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. புதிய ஸ்டீரியோ மாட்டியதும் போன் முதல் முயற்சியிலேயே இணைந்தது; அதைக் கண்டு கடைக்காரர் சொன்னது சரிதான் என்று நம்பியும் விட்டேன்.

பழைய ஸ்டீரியோவுக்கு 1,000 ரூபாய் கழிப்பதாகச் சொன்னார். மச்சானின் காரில் வெறும் ரேடியோதான் இருந்தது. பாட்டுக் கேட்கவாவது ஆகட்டும் என்று கொடுக்காமல் எடுத்து வந்துவிட்டேன். அது மூன்று வாரம் அலமாரியில் கிடந்தது. பிறகு ஒரு எலக்ட்ரீஷியன் வந்து அதை மச்சானின் காரில் மாட்டினார். மச்சானின் போன் உடனே இணைந்தது. வியப்பில் என் போனை முயன்றேன். அதே பழைய செய்தி. எலக்ட்ரீஷியன் ஸ்டீரியோவின் ப்ளூடூத் பட்டியலைத் திறந்து காட்டினார். என் போனின் பெயர் அங்கே ஏற்கெனவே இருந்தது. அதை அழித்துவிட்டு மீண்டும் சேர்த்தார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, பாட்டு ஓடியது.

நடந்தது இதுதான். இரு கருவிகள் முதன்முறை பேரிங் செய்துகொள்ளும்போது, இரண்டும் சேர்ந்து ஒரு ரகசியச் சாவியை உருவாக்கி, ஆளுக்கொரு பிரதியைச் சேமித்து வைத்துக்கொள்கின்றன. அடுத்த முறை சந்திக்கும்போது இரு பிரதிகளும் ஒத்துப்போனால்தான் இணைப்பு. என் போனை ரீசெட் செய்தபோது போனிலிருந்த பிரதி அழிந்தது. ஸ்டீரியோவில் இருந்தது அப்படியே இருந்தது. போனின் ப்ளூடூத் முகவரி வன்பொருளோடு வருவதால் ரீசெட்டில் மாறுவதில்லை. ஆகவே ஸ்டீரியோவின் கண்ணில் நான் பழைய ஆள், ஆனால் சாவி இல்லாத ஆள். சில ஸ்டீரியோக்கள் இந்த நிலையில் பழையதைத் தாமே தள்ளிவிட்டுப் புதிய பேரிங்கை ஏற்றுக்கொள்ளும், என்னுடையது மறுத்துவிட்டது. புதிய ஸ்டீரியோவில் என்னைப் பற்றிய பழைய பதிவே இல்லை, அதனால் இணைந்தது. புதிய பொருளை மாட்டியதும் வேலை செய்தால் பழைய பொருள் கெட்டது என்று எடுத்துக்கொள்வது இந்த ஒரு விஷயத்தில் சுத்தமாகச் செல்லாது.

இப்போது நான் கடைப்பிடிக்கும் வரிசையைச் சொல்கிறேன். முதலில் எதையும் தொடாமல், வேலை எந்த இடத்தில் நிற்கிறது என்று பார்த்துத் திரையைப் படம் எடுத்துக்கொள்வேன். ஸ்டீரியோவின் பெயரே போனில் தெரியவில்லையா, பெயர் தெரிந்து பேரிங் மறுக்கிறதா, பேரிங் ஆகியும் இணையவில்லையா, இணைந்தும் பாட்டோ அழைப்போ மட்டும் வரவில்லையா என்ற நான்கும் நான்கு வெவ்வேறு நோய்கள். எல்லாவற்றையும் "ப்ளூடூத் வேலை செய்யல" என்று ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டால், எதிரே இருப்பவர் தனக்கு லாபமானதைத் தேர்ந்துகொள்ள நாமே வழிவிட்டதாகும். அழைப்பு வருகிறது, பாட்டு மட்டும் வரவில்லை என்றால் பெரும்பாலும் போனின் ப்ளூடூத் அமைப்பில் அந்த ஸ்டீரியோவின் பெயருக்குள் `Media audio` அணைந்து கிடக்கும். பாட்டும் அழைப்பும் ஒரே இணைப்புக்குள் தனித்தனி வழிகளில் போவதால் இப்படி ஒன்று மட்டும் நின்றுபோக முடியும்.

அடுத்தது மாற்றிப் பார்த்தல். இந்தக் காரில் வேறொரு போன். இந்தப் போனில் வேறொரு ப்ளூடூத் கருவி, ஓர் இயர்போன் போதும். என் மனைவியின் போன் காரில் இணைந்தது, என் போன் இயர்போனில் இணைந்திருக்கும். ஆக இரு கருவிகளின் ப்ளூடூத்தும் நலம், இவை இரண்டுக்கும் இடையிலான உறவில்தான் கோளாறு என்று அந்த இடத்திலேயே முடிவு கட்டியிருக்கலாம். கடைக்காரரின் வசனம் இந்த ஒரு சோதனையில் உடைந்திருக்கும். இதைச் செய்யும்போது காரில் உள்ள மற்ற போன்களின் ப்ளூடூத்தை அணைத்துவிட வேண்டும். ஸ்டீரியோ பழகிய போன் ஒன்றைத் தானாகவே பிடித்துக்கொண்டு, நம் போனைக் கண்டுகொள்ளாமல் இருப்பது மிகச் சாதாரணமாக நடப்பது.

மூன்றாவதுதான் ரீஸ்டார்ட், அதுவும் இரண்டையும். இதைப் பலர் ஒரு பக்கம் மட்டும் செய்துவிட்டுக் கைவிடுகிறார்கள். இணைப்பு என்பது இரு பக்கமும் தத்தம் தற்காலிக நினைவகத்தில் வைத்திருக்கும் ஒரு கணக்கு: யாரோடு இணைந்திருக்கிறேன், எந்த வழி திறந்திருக்கிறது, அடுத்து யார் பேச வேண்டும் என்பன போன்றவை. ஒரு பக்கத்தின் மென்பொருள் நடுவில் சிக்கிக்கொண்டால், போன் "இணைந்திருக்கிறேன்" என்று காட்டும், ஸ்டீரியோவோ முடியாத ஒரு வேலைக்காகக் காத்துக்கொண்டே இருக்கும். போனை மட்டும் அணைத்துப் போட்டால், புதிதாக எழுந்த போன், பழைய கணக்கை விடாமல் வைத்திருக்கும் ஸ்டீரியோவிடமே மறுபடி போய் நிற்கிறது. இரண்டையும் அணைத்தால் இரு கணக்கும் ஒரே நேரத்தில் காலியாகி, இருவரும் முதலிலிருந்து தொடங்குகிறார்கள்.

இங்கே ஒரு சூட்சுமம் உண்டு. சாவியைத் திருப்பி காரை அணைத்தால் ஸ்டீரியோ அணைந்துவிட்டதாக நினைக்கிறோம். வெளியில் வாங்கி மாட்டும் ஸ்டீரியோக்களில் பொதுவாகச் சிவப்பு வயரில் சாவி திரும்பினால்தான் மின்சாரம் வரும். மஞ்சள் வயரில் பேட்டரியிலிருந்து எப்போதும் வந்துகொண்டிருக்கும். ஆண்ட்ராய்டு ஸ்டீரியோக்கள் பல, காரை அணைத்ததும் உறங்கத்தான் செய்கின்றன. மறுநாள் சட்டென்று திரை வருவதற்கு அதுவே காரணம். சிக்கிய கணக்கும் அந்த உறக்கத்தில் பத்திரமாக இருக்கும். உண்மையான ரீஸ்டார்ட்டுக்கு, முகப்பில் `RST` என்று எழுதியிருக்கும் சிறு துளையை ஊசியால் அழுத்த வேண்டும், அல்லது ஸ்டீரியோவின் மெனுவில் ரீபூட் இருந்தால் அதைப் பயன்படுத்த வேண்டும். சில மாடல்களில் துளையை அழுத்தினால் கடிகாரமும் ரேடியோ நிலையங்களும் போய்விடும் என்பதால் கையேட்டை ஒருமுறை பார்ப்பது நல்லது. போன் பக்கமும் இப்படித்தான்: ஐபோனின் கண்ட்ரோல் சென்டரில் ப்ளூடூத் பொத்தானைத் தட்டினால் இணைப்பு துண்டிக்கப்படுகிறதே தவிர, ப்ளூடூத் முழுதாக அணைவதில்லை. போனையே அணைத்து எழுப்ப வேண்டும்.

புதிய ஸ்டீரியோவிலேயே இது எனக்கு ஒருமுறை நடந்தது. மனைவியின் போனில் பாட்டின் நேரம் ஓடியது, காரில் சத்தம் இல்லை. போனை மட்டும் அணைத்துப் போட்டதில் பயனில்லை. `RST` அழுத்தி, ஸ்டீரியோ முழுதாக எழுந்த பிறகு போனை எழுப்பியதும் சரியானது. இந்த முறை யாரிடமும் போகவில்லை.

ஆனால் ரீஸ்டார்ட்டுக்கு எட்டாத இடம் ஒன்று உண்டு: அந்த ரகசியச் சாவி. அது நிரந்தர நினைவகத்தில் இருப்பது. மூன்று வாரம் வயரே இல்லாமல் அலமாரியில் கிடந்த ஸ்டீரியோ என் போனின் பெயரை மறக்கவில்லையே! ஆகவே இரண்டையும் ரீஸ்டார்ட் செய்தும் அதே பேரிங் செய்தி வந்தால், நான்காவது படி, இரு பக்கமும் பெயரை அழிப்பது. போனில் `Forget`, ஸ்டீரியோவின் பட்டியலில் டெலீட். பிறகு புதிதாக ஒரு பேரிங். ஒரு பக்கம் மட்டும் அழித்தால், எனக்கு நேர்ந்த நிலையை நீங்களே உருவாக்கிக்கொள்கிறீர்கள். பட்டியல் நிறைந்திருப்பதால் புதிய போனை ஏற்காத ஸ்டீரியோக்களும் உண்டு. பழைய பெயர்களை நீக்கினால் அதுவும் தீரும். போனின் நெட்வொர்க் அமைப்புகளை ரீசெட் செய்வதை இதற்கெல்லாம் பிறகே வைத்துக்கொள்ளுங்கள், ஏனெனில் வீட்டு வைஃபை கடவுச்சொல் முதல் மற்ற பேரிங்குகள் வரை எல்லாம் அதில் போய்விடும்.

போர்டு உண்மையிலேயே போயிருந்தால் அடையாளம் வேறு மாதிரி இருக்கும். ரீஸ்டார்ட்டுக்குப் பிறகும் எந்தப் போனிலும் ஸ்டீரியோவின் பெயர் தெரியாது, அல்லது ஸ்டீரியோவின் ப்ளூடூத் மெனுவே திறக்காது. ஒரு போன் இணைந்து மற்றொன்று இணையாத இடத்தில் போர்டு மாற்றச் சொன்னால், காரணத்தைப் பில்லில் எழுதித் தரும்படி கேளுங்கள். என் பில்லில் புதிய ஸ்டீரியோவின் விலையும் பொருத்தும் கூலியும் மட்டுமே இருந்தன. பழுது பற்றி ஒரு சொல்லும் இல்லை.

அதைத்தான் கடைக்காரர் பிடித்துக்கொண்டார். நான் திரும்பிப் போய் மச்சானின் காரில் பழைய ஸ்டீரியோ பாடுவதைக் காட்டியபோது, "நீங்க கேட்டதாலதான் மாத்தினோம் சார்" என்றார். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்த பிறகு, பொருத்தும் கூலியான 1,500 ரூபாயைத் திருப்பித் தந்தார். மீதிப் பணம் என் காரின் முகப்பில் இருக்கிறது.