தூள் பக்கற்றுக்கு விலை வைக்க எந்தச் சுட்டெண்: மொத்த விலையா, நுகர்வோர் விலையா?

சுன்னாகத்தில் கறித்தூள் அரைத்து 250 கிராம் பக்கற்றாகக் கடைகளுக்குப் போடும் ஒருவர் இரண்டு சுட்டெண்களையும் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் ஒவ்வொன்றிடமும் கேட்கும் கேள்வி வேறு. மொத்த விலைச் சுட்டெண் அவருடைய செலவின் பக்கம். நுகர்வோர் சுட்டெண் வாங்குபவரின் பக்கம்.

மத்திய வங்கி 1974ஐ அடிப்படையாக வைத்துக் கணித்த பழைய மொத்த விலைச் சுட்டெண்ணில் இறக்குமதிப் பொருட்களுக்கும் தனிப் பிரிவு இருந்தது. இப்போது அந்த இடத்தில் இருப்பது தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களத்தின் உற்பத்தியாளர் விலைச் சுட்டெண். அது உள்ளூர் உற்பத்தியாளர் பெறும் விலையை அளக்கிறது. செத்தல் மிளகாயோ பெரும்பாலும் இந்தியாவிலிருந்து வருகிறது. ரூபாய் விழுந்து செத்தல் ஏறினாலும் அந்த ஏற்றம் இந்தச் சுட்டெண்ணில் நேராகத் தெரியாது. அதனால் செத்தலுக்கு உங்கள் கொள்முதல் பில்தான் சரியான அளவுகோல்.

நுகர்வோர் சுட்டெண்ணில் கொழும்புக்கு ஒன்று, நாடு முழுவதற்கும் ஒன்று என இரண்டு உண்டு. யாழ்ப்பாணத்தில் விற்பவர் தேசியச் சுட்டெண்ணைப் பார்ப்பதே பொருத்தம். அதில் வரியும் கலந்திருக்கும். 2024 ஜனவரியில் பெறுமதி சேர் வரி 15இலிருந்து 18 வீதமானபோது, உங்கள் செலவு அசையாமலேயே இந்தச் சுட்டெண் ஏறியிருக்கும்.

சரி, கணக்குக்காக ஒரு பக்கற்றை எடுப்போம். சரக்கு 160 ரூபாய், கூலி 40, பக்கற்றும் லேபலும் 30, மின்சாரமும் போக்குவரத்தும் 20. மொத்தம் 250. கடைக்கு 300க்குக் கொடுக்கிறீர்கள், கடை 360க்கு விற்கிறது.

சரக்கு 15 வீதமும் பக்கற் 10 வீதமும் ஏறுகின்றன. நுகர்வோர் விலை 5 வீதம் ஏறியதால் கூலியையும் அவ்வளவு கூட்டுகிறீர்கள். 24, 3, 2 என்று 29 ரூபாய் கூடி, செலவு 279 ஆகிறது. நுகர்வோர் சுட்டெண்ணை மட்டும் நம்பி 5 வீதம் ஏற்றினால் விலை 315. ஐம்பது ரூபாய் லாபம் 36 ஆகச் சுருங்கும். ஐம்பதும் வேண்டுமென்றால் 329 கேட்க வேண்டும். கடை அதே 20 வீதத்தை வைத்தால் பக்கற் 395க்குப் போகும், கிட்டத்தட்ட 10 வீத ஏற்றம். வாங்குபவர் பொதுவாகப் பார்த்த ஏற்றமோ 5 வீதம்தான்.

நான் 320ல் நிறுத்துவேன். லாபம் 41. மீதியை அடுத்த சரக்கு வாங்கும்போது பார்க்கலாம். எடையைக் குறைக்கும் வழியை விரும்பமாட்டேன். லேபலைத் திரும்ப அச்சிட வேண்டும், வாடிக்கையாகத் தூள் வாங்கும் வீட்டுக்காரர் அதை உடனே கண்டுபிடித்தும் விடுவார்கள்.

இன்னொன்று, ஒரு மாதத்தின் தேசியச் சுட்டெண் அடுத்த மாதம் 21ஆம் திகதி அளவில்தான் வெளிவரும். கொள்முதல் பில்லோ அன்றே கையில் இருக்கும். விலையை அதை வைத்து முடிவுசெய்து, சுட்டெண்ணை அதைச் சரிபார்க்க வைத்துக்கொள்ளுங்கள்.