நெட்ஃபிளிக்ஸ் டிவில தடுக்குதா? அப்டேட், டெம்பரரி கோட், சைன் அவுட், எக்ஸ்ட்ரா மெம்பர்: எது எப்போ

முதல்ல டிவில என்ன மெசேஜ் வருதுன்னு ஒழுங்கா படிங்க, முக்கால்வாசி பேரு இங்கதான் கோட்டை விடறாங்க. Too many people are using your account right now-னு வந்தா ஒரே நேரத்துல பார்க்கறவங்க எண்ணிக்கை தாண்டிருச்சுன்னு அர்த்தம், ஸ்டாண்டர்ட் பிளான்ல 2 ஸ்க்ரீன், பிரீமியம்ல 4. ஆனா இந்த டிவி உங்க Netflix Household-ல, அதாவது அக்கவுண்டுக்குன்னு வச்சிருக்கற ஒரே வீட்ல, இல்லன்னு வந்தா அது வேற கதை, யாருமே பார்க்கலன்னாலும் தடுக்கும். ஐபி அட்ரஸ், டிவைஸ் ஐடி, அக்கவுண்ட் எப்படி ஓடுதுங்கறத வச்சுதான் எது அந்த வீடுன்னு நெட்ஃபிளிக்ஸ் முடிவு பண்ணுது. அதனாலதான் அதே டிவிய தூக்கிட்டு போய் புது வீட்ல புது வைஃபைல போட்டாலும் அது வெளியாள் ஆயிடுது.

எல்லாரும் முதல்ல ஓடிப்போய் பண்றது Sign out of all devices. முதல் மெசேஜுக்கு இது சரியான மருந்துதான், பழைய போன், முன்னாடி தங்குன இடத்துல விட்டுட்டு வந்த டிவி எல்லாத்தையும் வெளிய தள்ளிரும், எல்லா டிவைஸ்லயும் போய் சேர கொஞ்ச நேரம் ஆகலாம். ஒரே ஒரு டிவைஸதான் தூக்கணும்னா Manage access and devices பக்கத்துல போய் அத மட்டும் வெளியேத்துனா போதும். ரெண்டாவது மெசேஜுக்கு இத பண்ணா ஒண்ணுமே மாறாது, வீட்ல எல்லாரும் பாஸ்வேர்ட் கேட்டு உங்கள கடுப்பேத்துவாங்க அவ்ளோதான்.

இப்போ ரெண்டாவது மெசேஜுக்கு உண்மையான போட்டி அப்டேட் பண்றதுக்கும் டெம்பரரி கோடுக்கும் நடுவுலதான். ஒரு கேஸ் எடுத்துக்குவோம். அக்கவுண்ட் அப்பா பேர்ல, அவரு பழைய வீட்லயே இருக்காரு, பொண்ணு வேலைக்காக வேற ஊருக்கு போய் புது டிவில லாகின் பண்றா. டிவி தடுக்குது, Update Netflix Household, Watch Temporarily ரெண்டும் கண்ணு முன்னாடி நிக்குது. அவ அப்டேட்ட அமுக்கி, அப்பா போனுக்கு வந்த லிங்க்க அவரும் யாருன்னு கூட பார்க்காம ஓகே பண்ணிட்டாருன்னு வைங்க, இப்ப அக்கவுண்டோட வீடு பொண்ணு வீடு ஆயிடுச்சு. ராத்திரி அப்பா டிவிய போட்டா அதே மெசேஜ் அவருக்கு வரும், அவரு திரும்ப அப்டேட் பண்ணுவாரு, பந்து மாதிரி அங்கயும் இங்கயும் போய்ட்டே இருக்கும். ஒரு அக்கவுண்டுக்கு ஒரு வீடுதான், இத மனசுல வச்சுக்கிட்டா பாதி குழப்பம் தீர்ந்துரும்.

அதனால மொத்த குடும்பமும் வீடு மாறியிருந்தா மட்டும் அப்டேட். புது வீட்டு வைஃபைல டிவிய கனெக்ட் பண்ணி, மெனுல Get Help போய் Manage Netflix Household எடுத்து, மெயிலோ எஸ்எம்எஸோ அனுப்ப சொல்லி, வந்த லிங்க்க 15 நிமிஷத்துக்குள்ள திறக்கணும், தாண்டுனா எக்ஸ்பயர், மறுபடி முதல்லேர்ந்து. இத டிவிலதான் ஆரம்பிக்கணும், போன்லயோ லேப்டாப்லயோ தேடி டைம் வேஸ்ட் பண்ணாதீங்க. டிவிய போன் ஹாட்ஸ்பாட்ல வச்சுட்டு இத பண்றது சரியா வராது, அந்த கனெக்ஷனதான் வீடுன்னு எடுத்துக்கும், அப்புறம் வைஃபை மாத்துனதும் திரும்ப தகராறு.

டூர், ஹோட்டல் ரூம், சொந்தக்காரங்க வீடுன்னா Watch Temporarily போதும். கோட் வரும், அதுக்கும் 15 நிமிஷம்தான், டிவில டைப் பண்ணா கொஞ்ச நாளைக்கு ஓடும், வீட்ல இருக்கற டிவிக்கு எந்த பாதிப்பும் இல்ல. இதோட பலவீனம் ஒண்ணே ஒண்ணு, கோட் அக்கவுண்ட்ல இருக்கற மெயிலுக்கோ நம்பருக்கோதான் போகும். யாரும் யூஸ் பண்ணாத பழைய மெயில் ஐடியா இருந்தாலோ, ஃபாரின் போய் சிம் மாத்திட்டாலோ மாட்டிக்குவீங்க, கிளம்பறதுக்கு முன்னாடியே அந்த மெயில் போன்ல திறக்குதான்னு பார்த்துருங்க. ஹோட்டல் டிவில லாகின் பண்ணா கிளம்பும்போது சைன் அவுட் பண்ணவும் மறக்காதீங்க, இல்லன்னா அடுத்து வர்றவரு உங்க புரொஃபைல்ல உக்காந்து பார்ப்பாரு.

நம்ம பொண்ணு கேஸுக்கு ரெண்டுமே ஒத்து வராது, கோடும் தற்காலிகம்தான். அவளுக்கு எக்ஸ்ட்ரா மெம்பர், அதாவது வேற வீட்ல இருக்கறவங்கள கூடுதல் காசு கட்டி அப்பா அக்கவுண்ட்லயே சேர்க்கறது, இல்லன்னா தனி அக்கவுண்ட். எக்ஸ்ட்ரா மெம்பருக்கு தனி லாகின் கிடைக்கும், ஆனா ஒரு நேரத்துல ஒரு ஸ்க்ரீன்தான், அக்கவுண்ட் இருக்கற அதே நாட்டுலயும் இருக்கணும், எல்லா நாட்டுலயும் இந்த வசதி இல்ல, வேற கம்பெனி பேக்கேஜ்ல சேர்ந்து வந்த அக்கவுண்டுன்னா ஆப்ஷனே காட்டாம போகலாம். வெளிநாடு போறவளா இருந்தா நேரா தனி அக்கவுண்ட் போட்டு புரொஃபைல் டிரான்ஸ்ஃபர் பண்ணிக்கறதுதான் என்னோட ஓட்டு, பார்த்த லிஸ்ட், மை லிஸ்ட் எல்லாம் கூடவே வந்துரும்.